‘விரைவில்’ என்பது ஒரு திகதி அல்ல

கூட்டுநிதிப் பிரசாரங்களில் காசு போட்டுவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் பதில் ஒரே ஒரு சொல்தான்: விரைவில். விரைவில் அனுப்புகிறோம், விரைவில் அறிவிக்கிறோம், விரைவில் நல்ல செய்தி. இந்தச் சொல்லுக்கு நன்றி சொல்லிக் காத்திருப்பதைப் பொறுமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பொறுமையால் இலாபம் பெறுபவர் காசை வாங்கியவர் மட்டும்தான் என்பது என் வாதம். ‘விரைவில்’ என்று கேட்கும் ஒவ்வொரு மாதமும் காசைத் திரும்பப் பெறும் வழி ஒன்று சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் எங்கள் கணக்கு. நாங்கள் நான்கு பேர், மாத்தளை பக்கம். ரத்தோட்டைக்கு மேலே ஏறி ரிவர்ஸ்டனில் படம் எடுக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், கோபுரத்துக்குப் போகும் பாதையில் சில நாட்களில் ஆளையே தள்ளும் காற்று. பிடவல பத்தனைப் பக்கம் மூடுபனி வந்தால் பத்து நிமிடத்தில் எதிரே இருக்கும் மலை காணாமல் போகும். உள்ளங்கையில் அடங்கும், காற்றையும் ஈரத்தையும் தாங்கும் ஒரு பறக்கும் கமெரா என்று ஒரு வெளிநாட்டுப் பிரசாரம் வந்தது. விலை 159 டொலர். நான்கு பேரும் பிரித்துப் போட்டோம், ஏறக்குறைய 48,000 ரூபாய். பிரசாரம் முடிந்து கார்டில் காசு கழிந்த நாள் 2024 மார்ச் 10. பொருள் வரும் என்று பக்கத்தில் போட்டிருந்த மாதம் 2024 டிசம்பர்.

டிசம்பர் வந்தது, கமெரா வரவில்லை. அதற்குப் பதிலாக அப்டேட்கள் வந்தன. ஒன்றில் குழுவினர் சிரித்துக்கொண்டு தொழிற்சாலையில் நிற்கும் படம். இன்னொன்றில் பெட்டியின் நிறத்துக்கு வாக்கெடுப்பு. ஜனவரியில் ஒரு நீண்ட கடிதம், “உங்கள் நம்பிக்கைதான் எங்கள் எரிபொருள்” என்கிற மாதிரி. எதிலும் ஒரு திகதி கிடையாது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார்: “மச்சான், இது கடை இல்ல. ஆதரவு குடுத்திருக்கீங்க. ரிஸ்க் இருக்கும்னு தெரிஞ்சுதானே போட்டீங்க?” இந்த வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது, ஏனென்றால் பாதி உண்மை. கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை என்று சொல்வதே இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மொல்லிக் 2015இல் ஏறக்குறைய 47,000 ஆதரவாளர்களிடம் கேட்டு எடுத்த கணக்கில், நிதி கிடைத்த திட்டங்களில் 9 வீதம் வெகுமதியைக் கொடுக்கவே இல்லை. அவருடைய முந்தைய ஆய்வு ஒன்றில், முக்கால்வாசிக்கு மேற்பட்ட திட்டங்கள் சொன்ன காலத்துக்குப் பிந்தித்தான் கொடுத்திருந்தன. ஆகவே தாமதம் வழமை, தோல்வியும் நடக்கக்கூடியது.

ஆனால் நாம் ஏற்ற ரிஸ்க் எது? பொருள் செய்ய முடியாமல் போகலாம் என்பது ஒரு ரிஸ்க். செய்ய முடிகிறதா இல்லையா என்பதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு. இரண்டாவதை நாம் ஏற்கவே இல்லை. கிக்ஸ்டார்ட்டரின் பயன்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. திட்டத்தை முடித்து ஒவ்வொரு வெகுமதியையும் கொடுப்பது பிரசாரம் செய்தவரின் கடமை. முடியாவிட்டால், என்ன வேலை நடந்தது, காசு எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று விளக்க வேண்டும். ஆதரவாளர்களுக்குச் சொன்ன ஒரு காலவரையறைக்குள் இயன்ற நல்ல முடிவுக்குக் கொண்டுவர உழைக்க வேண்டும். மிச்சக் காசு இருந்தால் பொருள் கிடைக்காதவர்களுக்குத் திருப்பித்தர முன்வர வேண்டும், அல்லது அந்தக் காசை வைத்து வேறு எப்படித் திட்டத்தை முடிக்கப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். காலவரையறை என்பது விதியிலேயே இருக்கிறது. ஆகவே திகதி கேட்பவன் நன்றிகெட்டவன் இல்லை, கொடுத்த வாக்கை நினைவுபடுத்துபவன்.

இது ஏன் வெறும் சொல்விளையாட்டு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ஸானோ என்ற ட்ரோனின் கதை போதும். எங்களுடையதைப் போலவே உள்ளங்கையில் அடங்கும் ட்ரோன். வேல்ஸில் பெம்புரோக் டொக் என்ற ஊரில் இருந்த டோர்க்கிங் குரூப் என்ற நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் போட்டது. கேட்டது 125,000 பவுண். 2015 ஜனவரியில் பிரசாரம் முடிந்தபோது 12,075 பேர் சேர்ந்து 23 லட்சம் பவுணுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிக்ஸ்டார்ட்டர் திட்டம் அதுதான். பொருள் வரும் மாதம் 2015 ஜூன் என்று சொன்னார்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் பறக்கும், தடைகளைத் தானே தவிர்க்கும், உங்களைப் பின்தொடர்ந்து படமெடுக்கும் என்றார்கள்.

ஜூன் போனது. செப்டெம்பரில் கொஞ்சம் ட்ரோன்கள் வெளியே வந்தன. ஆனால் அவை முதலில் போனது கிக்ஸ்டார்ட்டரில் காசு போட்டவர்களுக்கு இல்லை, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பின்னால் முன்பதிவு செய்தவர்களுக்கு. கையில் கிடைத்தவர்கள் சொன்ன குறைகள் ஒரே மாதிரி இருந்தன: சில நிமிடம்தான் பறக்கிறது, ஒரு இடத்தில் நிற்காமல் நழுவுகிறது, படம் மோசம். நவம்பரில் திட்டத்தின் முகமாக இருந்த ஐவன் ரீட்மன் விலகினார். அடுத்த சில நாளில் நிறுவனம் கலைப்புக்குப் போகிறது என்ற அறிவிப்பு. வெளியே போன ட்ரோன்கள் மொத்தம் அறுநூறு அளவில்தான். ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ‘விரைவில்’ என்பதை நம்பி இருந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் படிக்க வேண்டிய பகுதி. கிக்ஸ்டார்ட்டரே மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரை அமர்த்தி, என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னது. 2016 ஜனவரியில் அவருடைய நீண்ட அறிக்கை வெளிவந்தது. காசைச் சுருட்டிக்கொண்டு ஓடிய கதையை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் வேறொன்று கிடைத்தது. பிரசார வீடியோவில் காட்டிய திறன்கள் அந்தக் கட்டத்தில் ட்ரோனிடம் இருக்கவில்லை. பெரிய தொகை வந்ததும், இயங்காத ஒரு வடிவமைப்பைப் பெருமளவில் உற்பத்தி செய்ய இறங்கினார்கள். பெரும்பாலான காசு பொருளைச் செய்யும் முயற்சியிலேயே கரைந்தது. அதாவது, ஏமாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் இதே அளவு சேதத்தைச் செய்ய முடியும். “நல்ல மனுசங்க மாதிரித் தெரியுது, செய்வாங்க” என்ற நம்பிக்கைக்கு இங்கே வேலையே இல்லை. நல்ல மனிதர்களா என்பது கேள்வி அல்ல. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கட்டங்களை வெளியே இருந்தே ஓரளவு பார்க்கலாம். பிளாஸ்டிக் உடம்பு கொண்ட எந்த மின்னணுப் பொருளும் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது அச்சு. பிளாஸ்டிக் உடம்பை வார்க்க உலோக அச்சு வெட்ட வேண்டும். வழமையாக அது வாரக்கணக்கான வேலை, காசும் அதில்தான் முதலில் பெருந்தொகையாகப் போகும். அச்சிலிருந்து முதலில் வரும் மாதிரிகள் அநேகமாகச் சரியாக இருக்காது. விளிம்பு மடங்கும், மூடி பொருந்தாது, திருத்தித் திரும்ப வார்ப்பார்கள். அந்த முதல் மாதிரி ஒரு மங்கலான சாம்பல் நிறத் துண்டாக இருக்கும், அழகே இருக்காது. அதனால்தான் அது நல்ல சாட்சி. பளபளவென்ற படத்தைக் கணினியில் வரையலாம், முப்பரிமாண அச்சுப்பொறியிலும் ஒன்றிரண்டு செய்யலாம். குறையோடு வந்த வார்ப்புத் துண்டைப் பொய்யாகச் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

இரண்டாவது சான்றிதழ். வைஃபை, புளூடூத் போல வானொலி அலை விடும் எந்தப் பொருளையும் அமெரிக்காவில் விற்க அங்கே எஃப்.சி.சி. அங்கீகாரம் வேண்டும். அந்த எண்ணை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு கவனம்: ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற வைஃபை துண்டை வாங்கிப் பொருத்தியிருந்தால், அந்தத் துண்டின் எண்தான் இருக்கும். ஆகவே எண் இருப்பதால் மட்டும் பொருள் தயார் என்று ஆகாது. ஆனால் ‘அடுத்த மாதம் அனுப்புகிறோம்’ என்று சொல்பவரிடம் எந்த எண்ணுமே இல்லையென்றால், அந்த அடுத்த மாதம் வராது.

மூன்றாவது தேர்ச்சி. நூறு பொருத்தினால் எத்தனை சோதனையில் தேறுகிறது? ட்ரோன் போன்ற பொருளில் இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் நான்கு மோட்டார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று சற்றே வேறுபட்டாலும் மொத்தமும் சாயும், அதைச் சமாளிக்க மென்பொருள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும், மின்கலம் சீக்கிரம் தீரும். அறைக்குள் நழுவுவது ரிவர்ஸ்டன் காற்றில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நூற்றில் நாற்பது தேறினால் காசு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கரையும். இந்த எண்ணைச் சொல்லாமல் தரப்படும் எந்தத் திகதியும் ஊகம்தான்.

இதையெல்லாம் வைத்து 2025 மார்ச் 3ஆம் திகதி பிரசாரம் செய்தவருக்கு ஒரு செய்தி அனுப்பினோம். ஆங்கிலத்தில் போனது, தமிழில் இது:

“வணக்கம். 2024 மார்ச் 10 அன்று 159 டொலர் செலுத்தி ஒரு கமெராவுக்கு ஆதரவு அளித்தோம். உங்கள் பக்கம் சொன்ன விநியோக மாதம் 2024 டிசம்பர். இன்று வரை பொருள் வரவில்லை, புதிய திகதியும் அறிவிக்கப்படவில்லை.

“இரண்டில் ஒன்றை மார்ச் 17ஆம் திகதிக்குள் எழுத்தில் தருமாறு கேட்கிறோம். ஒன்று: 159 டொலர் முழுவதும், டொலரிலேயே, செலுத்திய அதே கார்டுக்குத் திருப்பித் தருவது. இரண்டு: ஜூலை 31க்குப் பிந்தாத ஒரு குறிப்பிட்ட அனுப்பும் திகதி, அனுப்பியதும் கண்காணிப்பு எண்.

“இரண்டாவதைத் தெரிவு செய்தால் இந்த மூன்றுக்கும் பதில் சேர்த்துத் தாருங்கள். உடற்பகுதி அச்சின் முதல் மாதிரிகள் வந்துவிட்டனவா, வந்திருந்தால் படம். வானொலிச் சான்றிதழ் எண். இதுவரை பொருத்திய எண்ணிக்கையும் அதில் சோதனையில் தேறிய எண்ணிக்கையும்.

“இரண்டுமே இயலாவிட்டால், திரட்டிய நிதியில் செலவானது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்ற விபரத்தையும், எஞ்சியதில் எங்கள் பங்கையும் கேட்கிறோம். நன்றி.”

இவ்வளவுதான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை, ‘எங்கள் கனவு’ இல்லை. பிரசாரப் பக்கங்களில் இரண்டு வகைப் பின்னூட்டம் நிறையக் கிடைக்கும். ஒன்று “கள்ளனுகள், நாசமாப் போங்க” வகை. இன்னொன்று “சேர், தயவுசெய்து என்னுடையதை மட்டுமாவது அனுப்புங்கள்” வகை. முதலாவதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஒதுக்கலாம். இரண்டாவதுக்கு ‘விரைவில்’ என்று சொல்லிவிடலாம். தொகை, நாள், இரண்டு வழி, ஒரு கெடு இருக்கும் செய்திக்கு ‘விரைவில்’ என்று பதில் எழுதினால், அது மறுப்பாகவே வாசிக்கப்படும். அந்த மறுப்பு நமக்குத் தேவை. ஏன் என்பதுதான் இனி.

சட்டம் நம்மைக் காக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ‘அசைலம்’ என்ற சீட்டுக்கட்டுத் திட்டம் 25,000 டொலர் அளவில் திரட்டியது. 2012 டிசம்பரில் கொடுப்போம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. மாநிலச் சட்டமா அதிபர் 2014இல் வழக்குப் போட்டார், 2015இல் வென்றார். கூட்டுநிதித் திட்டம் ஒன்றின் மீது நுகர்வோர் சட்டத்தில் எடுத்த முதல் நடவடிக்கை என்று அதைக் கொண்டாடினார்கள். நீதிமன்றம் கட்டச் சொன்ன தொகை 54,851 டொலர். அதில் ஆதரவாளர்களுக்கு எவ்வளவு? 668 டொலர். எஞ்சியது அபராதமும் வழக்குச் செலவும். அந்த 668 டொலரும் வோஷிங்டன் மாநிலத்தில் வசித்த 31 பேருக்குத்தான். காசு போட்டவர்கள் எல்லா இடத்திலுமாக எண்ணூறுக்கு மேல்.

மாத்தளையில் இருப்பவர் அந்த 31 பேரில் வர மாட்டார். இங்கே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ரத்தோட்டைக் கடைக்காரர் ஏமாற்றினால் அது உதவும். வேறு நாட்டில் பதிவான, ஆளே தெரியாத ஒருவரிடம் அதன் கை நீளாது. பிரசாரத் தளமோ தன் 5 வீதத்தை நிதி சேர்ந்த அன்றே எடுத்துக்கொள்ளும். ஸானோவில் அது 116,000 பவுணுக்கு மேல். பொருள் வராவிட்டால் காசைத் திருப்பித்தரும் பொறுப்பு தளத்துக்கு இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆக நம் கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: கார்ட். வாங்கிய பொருள் வரவில்லை என்று வங்கியில் முறைப்பாடு செய்து காசை மீளக் கேட்பது.

அந்த வழிக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. விசா விதிகளில், பொருள் வரவில்லை என்ற முறைப்பாட்டுக்குப் பொதுவாக எதிர்பார்த்த விநியோக நாளிலிருந்து 120 நாள். எப்படியானாலும் பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக்கூடாது. எங்கள் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் 31இலிருந்து 120 நாள் என்றால் 2025 ஏப்ரல் 30. மார்ச் 10, 2024இலிருந்து 540 நாள் என்றால் 2025 செப்டெம்பர் 1. நாங்கள் செய்தி அனுப்பிய அன்று ஏப்ரல் 30க்கு 58 நாள்தான் மிச்சம். பெட்டியின் நிறத்துக்கு வாக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த 58 நாளும் போயிருக்கும்.

ஜூலை 31 என்று நாங்கள் எல்லை வைத்ததன் காரணமும் இதுதான். எழுத்தில் ஒரு புதிய திகதி தந்தால் 120 நாளை அங்கிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் 540 நாள் நகராது. செப்டெம்பர் 1க்குப் பிந்திய எந்தத் திகதியை நாம் ஒப்புக்கொண்டாலும், அன்று பொருள் வராவிட்டால் வங்கிக்குப் போகும் வாசல் மூடியிருக்கும். இதனால்தான் சொல்கிறேன்: தாமதம் செய்பவர் உங்களிடம் பொறுமை கேட்கவில்லை, உங்கள் நாட்களைக் கேட்கிறார். தெரிந்து கேட்கிறாரா, தெரியாமலா என்பது நமக்கு வித்தியாசம் இல்லை.

டொலரிலேயே திருப்பித் தா என்று கேட்டதற்கும் இந்த ஊர்க் காரணம் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360 வரை போனது. அந்த மார்ச்சில் 150 டொலர் போட்டவர் 30,000 ரூபாய் என்று நினைத்திருப்பார். மே மாதத்தில் அதே பொருளுக்கு 54,000 வேண்டும். அவருக்கு “நீங்கள் கட்டிய 30,000 ரூபாய்” என்று யாராவது திருப்பிக் கொடுத்தால் அது பாதி காசு. கேட்கும்போதே நாணயத்தை எழுதிவிட வேண்டும்.

இன்னொரு வகைப் பதிலுக்கும் தயாராக இருங்கள்: “இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் சீக்கிரம் அனுப்பலாம்.” 2014இல் 62,000க்கு மேற்பட்டோர் சேர்ந்து 1 கோடி 30 லட்சம் டொலருக்கு மேல் கொடுத்த ‘கூலஸ்ட் கூலர்’ என்ற குளிர்பெட்டித் திட்டத்தில் இதுதான் நடந்தது. 2015 பெப்ரவரியில் வர வேண்டிய பெட்டி பலருக்கு வரவில்லை. ஆனால் அமேசனில் அது விற்பனைக்கு வந்தது. 2016இல், 97 டொலர் மேலதிகமாகக் கட்டினால் விரைவாக அனுப்புகிறோம் என்று காத்திருந்தவர்களிடமே கேட்டார்கள். ஒரிகன் மாநிலத்துடன் செய்த உடன்பாட்டுக்குப் பிறகும் 2019 டிசம்பரில் நிறுவனம் மூடியபோது, ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி இல்லை. மிஞ்சியது 20 டொலர். மேலதிகக் காசு கேட்பது பொருளின் செலவைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அதைக் கேட்டவுடன் செய்ய வேண்டியது கட்டுவது அல்ல, வங்கிக்குப் போவது.

எங்களுக்கு வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 15இல் ஒரு மின்னஞ்சல்: ஒரு பாகம் வந்து சேரவில்லை, வந்ததும் விரைவில் அனுப்புவோம். மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. மார்ச் 18இல் வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், “இது நன்கொடை மாதிரித்தானே?” என்றார். பிரசாரப் பக்கத்தில் இருந்த விநியோக மாதம், ஒவ்வொரு வெகுமதியையும் கொடுப்பது கடமை என்ற விதி, எங்கள் செய்தி, திகதியே இல்லாத அவர்களுடைய பதில், நான்கையும் அச்செடுத்து வைத்தோம். முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு காசு கார்டுக்கு வந்தது. எல்லா வங்கியும் இப்படி முடிவெடுக்கும் என்று சொல்ல முடியாது. ‘ஆதரவு’ என்ற சொல்லைக் காட்டி மறுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் கையில் காகிதம் இல்லாமல் போனால் மறுப்பு நிச்சயம்.

இதைப் படித்துவிட்டு “பாவம், அவங்களும் கஷ்டப்பட்டுத்தான் செய்றாங்க” என்று ஒருவர் சொல்லலாம். இருக்கலாம். உண்மையிலேயே கஷ்டப்படுபவருக்கு எங்கள் மூன்று கேள்விகளும் அரைமணி நேர வேலை. அச்சில் வந்த கோணல் துண்டைப் படமெடுத்து, “நூற்றில் ஐம்பத்தைந்துதான் தேறுகிறது, ஒக்டோபருக்கு முன் முடியாது, வேண்டாதவர்களுக்குக் காசைத் தருகிறோம்” என்று எழுதும் ஒருவருக்காக நானும் ஒக்டோபர் வரை காத்திருப்பேன். அவர் தாமதமானவர், ஆனால் கணக்குச் சொல்கிறவர். கணக்குச் சொல்ல மறுப்பவருக்குக் கருணை காட்டுவது என்றால், அவருக்குப் பின்னால் நிற்கும் மற்ற ஆதரவாளர்களின் நாட்களையும் சேர்த்து அவருக்கே கொடுப்பதாகும்.

ஆகவே இப்போது யாராவது ஒரு பிரசாரத்தின் பொருளுக்காகக் காத்திருந்தால், இன்று இரவு கார்ட் கூற்றை எடுத்துக் காசு கழிந்த நாளைப் பாருங்கள். அதிலிருந்து 540ஐ எண்ணுங்கள், சொன்ன விநியோக மாதத்திலிருந்து 120ஐ எண்ணுங்கள். இரண்டில் எது முந்தி வருகிறதோ அதைக் கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு ஆறு வாரம் முன்னாடி அந்தச் செய்தியை அனுப்பிவிடுங்கள்.